எட்டு 2114 சிப்களில் 4 கிலோபைட் நினைவகம்

8085 செயலியோடு 4 கிலோபைட் ரேம் சேர்க்க வேண்டும்; கையில் இருப்பதோ 2114 சிப்கள். ரேம் 8000H முகவரியில் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை சிப் வாங்குவது, எந்தக் கோடு எங்கே போகும்?

2114-இல் 1024 இடங்கள். ஒவ்வொன்றிலும் 4 பிட் மட்டுமே. நமக்குத் தேவை 4096 இடங்கள், ஒவ்வொன்றிலும் 8 பிட். மொத்த பிட்களை வகுத்தால் (4096 × 8) ÷ (1024 × 4) = 8 சிப் என்று வந்துவிடும். விடை சரிதான், ஆனால் அந்த எட்டை எப்படி அடுக்குவது என்று அது சொல்லாது. அகலத்தையும் ஆழத்தையும் தனித்தனியாக வகுத்துப் பார்ப்பதே நல்லது. அகலத்துக்கு 8 ÷ 4 = 2, ஆழத்துக்கு 4096 ÷ 1024 = 4. ஆக, இரண்டிரண்டு சிப்பாக நான்கு ஜோடிகள்.

ஜோடியில் ஒரு சிப் D0–D3 கோடுகளையும் மற்றது D4–D7 கோடுகளையும் எடுத்துக்கொள்ளும். ஒரு பைட்டின் இரு பாதிகளும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்பதால், ஜோடியின் CS முனைகள் இரண்டையும் சேர்த்தே கட்ட வேண்டும். எட்டு சிப் இருப்பதால் எட்டு CS கோடுகள் வேண்டும் என்று நினைப்பது இங்கே அடிக்கடி நேரும் பிழை. தேவை நான்குதான்.

முகவரிக் கோடுகளுக்கு வருவோம். 2¹⁰ = 1024 என்பதால் ஒரு சிப்புக்கு 10 கோடுகள். A0–A9 எட்டு சிப்களுக்கும் பொதுவாகப் போகும். 4096 = 2¹² என்பதால் முழு ரேமுக்கு 12 கோடுகள் வேண்டும். மிச்சமாகும் A10, A11 இரண்டும் நான்கில் எந்த ஜோடி என்று தேர்ந்தெடுக்கும். 8085-இன் கடைசி நான்கு கோடுகளான A12–A15, இந்த 4 கிலோபைட் 64 கிலோபைட்டில் எங்கே உட்காரும் என்பதை முடிவு செய்யும். 8000H-இல் தொடங்க A15 = 1, மற்ற மூன்றும் 0.

இதற்கு 74LS138 டீகோடர் ஒன்று போதும். அதன் A, B, C உள்ளீடுகளுக்கு A10, A11, A12, G1-க்கு A15. A13, A14, IO/M மூன்றையும் 74LS32-இன் இரண்டு OR கேட்கள் வழியாகச் சேர்த்து G2A-க்குக் கொடுங்கள்.

```
Y0   8000H - 83FFH
Y1   8400H - 87FFH
Y2   8800H - 8BFFH
Y3   8C00H - 8FFFH
```

Y4–Y7 பின்னாளில் 9000H-இலிருந்து இன்னொரு 4 கிலோபைட் சேர்க்க உதவும்.

IO/M கோட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்? 8085, OUT 80H கட்டளையில் போர்ட் எண்ணை முகவரியின் மேல்பாதியிலும் கீழ்பாதியிலும் வைக்கும். அப்போது முகவரிக் கோடுகளில் இருப்பது 8080H. WR கோடும் கீழிறங்குவதால், போர்ட்டுக்குப் போக வேண்டிய பைட் ரேமின் 8080H இடத்திலும் எழுதப்பட்டுவிடும். நிரல் காரணமே தெரியாமல் கெட்டுப்போகும்.

G2B இன்னும் காலியாக இருக்கிறது. 2114-க்கு OE முனை கிடையாது. CS 0, WE 1 என்றாலே அது தரவை வெளியே தள்ளும். 8085-லோ தரவுக் கோடுகளில் முதலில் வருவது கீழ்முகவரிதான். அதை ALE துடிப்பில் 74LS373 பிடித்துவைப்பதற்குள் சிப் குறுக்கே தரவை வைத்தால் இரண்டும் மோதும். தவறான முகவரி பதிவாகலாம். அதனால் RD, WR இரண்டையும் 74LS08-இன் ஒரு AND கேட்டில் கொடுத்து, வெளியீட்டை G2B-இல் இணையுங்கள். இரண்டில் ஒன்று 0 ஆகும்போதுதான் சிப் விழிக்கும். WR கோடு எல்லாச் சிப்களின் WE-க்கும் நேராகவும் போக வேண்டும்.

கம்பி குறைக்க A13, A14-ஐ விட்டுவிடுவோரும் உண்டு. அப்போது ஒரே இடம் 8000H, A000H, C000H, E000H என நான்கு முகவரிகளில் தெரியும். வேறெதுவும் அங்கே இல்லாத சிறு போர்டில் பாதகமில்லை. A000H-இல் இன்னொரு சிப் வைத்தால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லும்.

சோதிக்கும்போது 8000H, 8400H, 8800H, 8C00H நான்கிலும் 11H, 22H, 33H, 44H என்று முதலில் எழுதி முடியுங்கள், பிறகு படியுங்கள். ஒவ்வொன்றையும் எழுதியவுடனே படித்தால் கோளாறு தெரியாது. வந்தவை 22, 22, 44, 44 என்றால் டீகோடருக்குப் போகும் A10 ஒரே நிலையில் சிக்கிக்கிடக்கிறது. 33, 44, 33, 44 என்றால் A11. ஒரு ஜோடியில் மட்டும் ஓர் இலக்கம் சரியாகவும் மற்றது தவறாகவும் வந்தால் டீகோடரைச் சந்தேகிக்க வேண்டாம். அந்த ஜோடியில் தவறான இலக்கத்துக்குரிய சிப்பையும், அதன் CS, தரவுக் கம்பிகளையும் பாருங்கள்.