‘கிளிக் ஆஃப் டெத்’: ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்றால் என்ன பொருள், தமிழில் என்ன சொல்லலாம்?

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கைச் செருகுகிறோம். உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் சத்தம் கேட்கிறது, அப்புறம் ‘டிக்... டிக்... டிக்’ என்று ஒரே சீராக ஏதோ முட்டுகிற ஒலி, கணினியில் டிரைவ் எதுவும் வரவில்லை, கொஞ்ச நேரத்தில் சுழற்சியும் தானாக நின்றுவிடுகிறது. இந்த ஒலிக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர்தான் கிளிக் ஆஃப் டெத். கடைக்காரர்கள் இதைக் கேட்டதும் ‘ஹெட் போச்சு’ என்பார்கள், தட்டில் இருக்கும் தரவைப் படித்து எழுதும் முனைதான் ஹெட். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

இந்தப் பெயர் முதலில் பரவியது ஹார்ட் டிஸ்கை வைத்து அல்ல. 1990களின் நடுவில் ஐயோமெகா நிறுவனம் ஜிப் டிரைவ் என்று ஒன்றை விற்றது. பிளாப்பியில் 1.44 எம்பிதான் கொள்ளும் என்றிருந்த காலத்தில் ஒரு ஜிப் வட்டில் 100 எம்பி கொண்டது, அதனால் நன்றாக விற்றது. அதில் சில டிரைவ்கள் வட்டைப் படிக்க முடியாமல் ஹெட்டை உள்ளே இழுப்பதும் திரும்ப நீட்டுவதுமாக டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். 1998இல் இதற்காக அமெரிக்காவில் நிறுவனத்தின் மீது கூட்டு வழக்கே போட்டார்கள். அதில் கொடுமை என்னவென்றால் பழுது தொற்றியது: சேதமான ஹெட் வட்டின் விளிம்பைக் கிழிக்கும், கிழிந்த வட்டை இன்னொரு நல்ல டிரைவில் போட்டுப் பார்த்தால் அதன் ஹெட்டும் போய்விடும். ‘வேறு மெஷினில் போட்டுப் பார்ப்போம்’ என்று நினைத்தவர்கள் இரண்டு டிரைவை இழந்தார்கள். ஜிப் டிரைவ் வழக்கொழிந்தபின் பெயர் மட்டும் ஹார்ட் டிஸ்கிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் ஹார்ட் டிஸ்குக்கு வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டு என்று மூன்று சொற்களைப் பார்க்கலாம். மூலச்சொல்லில் உள்ள ‘ஹார்ட்’, பிளாப்பியின் வளையும் தாளுக்கு எதிராக வந்தது, உள்ளே இருப்பது அலுமினியத்திலோ கண்ணாடியிலோ செய்த வளையாத தட்டு. அதனால் வன் என்று தொடங்குவதே பொருத்தம், வன்பொருள் மென்பொருள் என்ற வரிசையிலும் சேர்ந்துகொள்கிறது. (புணர்ச்சி விதியை முழுக்கப் பிடித்தால் வன்றொண்டர் மாதிரி ‘வன்றட்டு’ என்று வர வேண்டும். யாரும் அப்படி எழுதுவதில்லை, எழுதினால் ஏதோ திட்டுகிற மாதிரி இருக்கும்.)

கிளிக் என்பதற்குத்தான் சிக்கல். மவுஸ் கிளிக்குக்குச் சொடுக்கு என்று வைத்தாயிற்று, விரல் சொடுக்குவதிலிருந்து வந்த நல்ல சொல். ஆனால் ‘மரணச் சொடுக்கு’ என்று பெயர்த்தால் இங்கே யாரும் எதையும் சொடுக்கவில்லை, போதாததற்கு ‘மரண’ என்பது இன்று இளசுகளிடம் பாராட்டுச் சொல் ஆகிவிட்டது. உள்ளே நடப்பதைப் பார்த்தால் ‘முட்டொலி’ என்பது எனக்குப் பொருந்துகிறது. பேச்சில் ‘டிஸ்க் முட்டுது’ என்றாலே போதும், கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

ஏன் முட்டு? தட்டின் மேல் ஹெட் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து போகிறது. எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைத் தட்டிலேயே ஆலையில் எழுதிவைத்த குறிகளைப் படித்துத்தான் அது தெரிந்துகொள்ளும். அதோடு டிரைவ் தன்னை இயக்கிக்கொள்ளத் தேவையான குறிப்புகளில் பெரும் பகுதியும் அதே தட்டில் ஒரு மூலையில் இருக்கிறது. கரண்ட் வந்ததும் ஹெட் போய் அதைப் படிக்க வேண்டும். ஹெட் பழுதாகியோ தட்டு கீறியோ இருந்தால் குறி கிடைக்காது, ஹெட்டைத் தாங்கிய கை தடுமாறிக் கோடி வரை போய்த் தடுப்பில் முட்டும், திரும்பி வரும், மறுபடி தேடும். அந்த முட்டல்தான் நமக்குக் கேட்கிறது. குறிப்புகளைப் படிக்காதவரை டிரைவ் தன் பெயரையும் அளவையும் கணினிக்குச் சரியாகச் சொல்லாது. முட்டொலியும் ‘டிரைவ் வரவில்லை’ என்பதும் ஒன்றாக வருவதற்கு இதுதான் காரணம்.

எல்லா டிக்கும் இந்த டிக் இல்லை. ஒயரைப் பிடுங்கும்போது ஒரே ஒரு ‘டக்’ கேட்டால் அது ஹெட் தன் இருப்பிடத்துக்குத் திரும்பும் ஒலி, அவ்வளவுதான். சுழலாமலே மெல்லிய ‘பீப்’ அல்லது உறுமல் வந்தால் மோட்டார் திருகப் பார்த்து முடியாமல் நிற்கிறது: ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது கரண்ட் போதவில்லை. கரண்ட் போதாவிட்டால் முட்டொலியும் வரும் என்பதுதான் முதலில் சரிபார்க்க வேண்டியது. யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்ப்தான் தரும், 3.0 துளை 900 தரும், மின்சாரம் தனியாக இல்லாத ஹப் என்றால் அதையும் பங்கு போட்டுவிடும். அதனால் ஹப்பை எடுத்துவிட்டு, வேறொரு குட்டையான கேபிளில், கணினியின் துளையிலேயே நேரடியாக ஒரு முறை செருகிப் பார்க்கலாம். முட்டொலி நின்று டிரைவ் வந்துவிட்டால் நல்லது, வந்த கையோடு முக்கியமான கோப்புகளை வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள். நிற்கவில்லை என்றால் பிடுங்கிவிடுங்கள். இரண்டாவது சோதனை வேண்டாம்.

தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் கதை இப்படி. 2 டிபி டிஸ்க், கல்யாண ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்போது கேபிளில் கால் மாட்டி மேசையிலிருந்து தரைக்கு வந்துவிட்டது. அணைந்திருக்கும்போது விழுந்திருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, ஹெட் தட்டை விட்டு விலகி நிற்கும். இது ஓடிக்கொண்டிருந்தது. செருகினார், டிக் டிக். கேபிளை மாற்றினார், அது வரைக்கும் சரி. அப்புறம் லேப்டாப்பில் போட்டார், டிவியில் போட்டார், ராத்திரி மீட்பு மென்பொருளை ஓடவிட்டுத் தூங்கப் போனார். வளைந்த ஹெட் அத்தனை நேரமும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டை உரசிக்கொண்டிருந்தது. உரசலில் உதிரும் தூள் உள்ளேயே சுற்றி மற்ற ஹெட்களையும் கெடுக்கும். கடைசியில் மீட்பு நிலையத்தில் திறந்தபோது ஒரு தட்டில் வளையம் மாதிரி கீறல், அந்த வளையத்தில் இருந்த படங்கள் யாராலும் எடுக்க முடியாதவை. விழுந்தவுடன் அணைத்திருந்தால் ஹெட்டை மாற்றிப் பெரும்பகுதியை எடுத்திருக்கலாம் என்றார்கள். காந்தப்பூச்சு தூளாகிப் போன இடத்தில் படிக்க எதுவுமே மிச்சம் இல்லை.

நெட்டில் உலவும் வைத்தியங்களில் ஃப்ரிட்ஜில் வைப்பது ஒன்று. வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும், சில நானோமீட்டர் இடைவெளியில் அது போதும் எல்லாவற்றையும் முடிக்க. கையால் தட்டுவதும், மூடியைத் திறந்து பார்ப்பதும் அதே ரகம். அதே மாடலில் வேறு டிஸ்கின் சர்க்யூட் போர்டை மாற்றிப் பார்ப்பதும் இப்போது செல்லாது, ஒவ்வொரு போர்டிலும் அந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் ஒரு சில்லில் இருக்கின்றன. அதையும் பெயர்த்து மாற்றினால்தான் வேலை நடக்கும்.

சரி, சத்தமே இல்லை, சீராகச் சுழல்கிறது, ஆனால் டிரைவ் தெரியவில்லை என்றால்? விண்டோஸில் `diskmgmt.msc` என்று தட்டிப் பாருங்கள். முழு அளவும் காட்டி, E: மாதிரி டிரைவ் எழுத்து மட்டும் ஒதுக்கப்படவில்லை என்றால் எழுத்தைக் கொடுத்தால் முடிந்தது. அளவு சரியாக இருந்தும் ‘RAW’ என்றோ ‘Not Initialized’ என்றோ வந்தால் உள்ளே தரவு பெரும்பாலும் இருக்கிறது, அதன் அட்டவணைதான் கெட்டிருக்கிறது. ‘You need to format the disk in drive E: before you can use it’ என்று கேட்கும்போது சரி என்று அழுத்திவிடாதீர்கள், `chkdsk /f`-உம் இப்போது வேண்டாம், அது பழைய டிஸ்கிலேயே எழுதித் திருத்தும். ஊமையாக இருந்தும் அளவே காட்டவில்லை அல்லது ‘No Media’ என்றால் இது மென்பொருள் விஷயமே இல்லை.

சத்தமில்லாமல், ஆனால் மிக மெதுவாக, அங்கங்கே சிக்கிச் சிக்கிப் படிக்கிற டிஸ்குக்கு மட்டும் வீட்டிலேயே ஒரு நல்ல வழி உண்டு. கோப்பு கோப்பாக இழுக்காமல் முழு டிஸ்கையும் வேறொரு பெரிய டிஸ்கில் படியெடுத்து, மீட்பு வேலையைப் படியில் செய்வது. லினக்ஸில் ddrescue இதற்கென்றே உள்ளது:

```
sudo ddrescue -d -n /dev/sdX disk.img disk.map
sudo ddrescue -d -r3 /dev/sdX disk.img disk.map
```

முதல் வரி எளிதாகப் படிக்கிறதை எல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும், கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாது. இரண்டாவது வரி விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பிப் போய் மூன்று சுற்று முயலும். எது முடிந்தது எது மிச்சம் என்பது map கோப்பில் இருப்பதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். sdX என்ற இடத்தில் உங்கள் பழைய டிஸ்கின் பெயரை `lsblk` பார்த்துப் போடுங்கள், படி போய் விழும் இடம் அந்த டிஸ்காக இருக்கக் கூடாது. நடுவில் டிக் டிக் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மீட்பு நிலையத்துக்குப் போகும்போது விழுந்ததா, எப்போதிலிருந்து சத்தம், யாராவது திறந்தார்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், கடவுச்சொல் போட்டிருந்தால் அதையும் கொண்டு போங்கள். சில எக்ஸ்டர்னல் டிஸ்குகள் நாம் கடவுச்சொல் போடாவிட்டாலும் உள்ளேயே தரவைப் பூட்டி எழுதுகின்றன, அதனால் டப்பாவையும் அதன் போர்டையும் தூக்கிப் போட வேண்டாம். தூசி நீக்கிய அறையிலோ மேசையிலோ திறப்பார்களா, முதலில் படியெடுப்பார்களா, எதுவும் கிடைக்காவிட்டால் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ‘இங்கேயே திறந்து பார்க்கிறேன் அண்ணே’ என்று ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

இதெல்லாம் வராமல் இருக்க வழி ஒன்றுதான், அந்த டிஸ்கில் இருப்பது இன்னொரு இடத்திலும் இருக்க வேண்டும். போனிலும் லேப்டாப்பிலும் இடம் போதவில்லை என்று படங்களை டிஸ்குக்கு மாற்றிவிட்டு அங்கே அழித்துவிடுவோம், அதை பேக்கப் என்றும் சொல்லிக்கொள்வோம். அது பேக்கப் இல்லை, ஒரே படி இடம் மாறியிருக்கிறது. இரண்டாவது டிஸ்க் வாங்கினால் இரண்டையும் ஒரே நேரத்தில் செருகி வைக்காதீர்கள், ஒரு மின்னல் வெட்டோ ஒரு வைரஸோ இரண்டையும் சேர்த்து முடிக்கும். படியெடுக்கும் நேரம் தவிர அது வேறு வீட்டிலோ பீரோவிலோ இருக்கட்டும். அவ்வப்போது டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் CrystalDiskInfo மாதிரி ஒரு மென்பொருளில் பார்த்து, படிக்க முடியாமல் நிற்கும் இடங்களின் எண்ணிக்கையான ‘Current Pending Sector Count’ பூஜ்யத்திலிருந்து ஏறியிருந்தால் அந்த டிஸ்கைக் காலி செய்து மாற்றிவிடுங்கள். கீழே விழுந்த டிஸ்குக்கு மட்டும் இந்த முன்னறிவிப்பு எதுவும் கிடைக்காது.