இணை அடக்கம்: எண்ணெய்க்கு எவ்வளவு, புண்ணாக்குக்கு எவ்வளவு?

இணை அடக்கம், பெயர்ச்சொல். ஒரே மூலப்பொருளிலிருந்து ஒரே வேலையில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சரக்குகள் கிடைக்கும்போது, அவை தனித்தனியாகப் பிரியும் வரை ஆன செலவு. ஆங்கிலத்தில் ஜாயின்ட் காஸ்ட்.

எண்ணெய் ஆலையில் நிலக்கடலைப் பருப்பை எக்ஸ்பெல்லரில் கொட்டினால் ஒரு பக்கம் எண்ணெய் வழிகிறது, மறுபக்கம் புண்ணாக்கு விழுகிறது. எண்ணெய் மட்டும் போதும், புண்ணாக்கு வேண்டாம் என்று இயந்திரத்திடம் சொல்ல முடியாது. பருப்பு வாங்கிய பணத்தில் எத்தனை ரூபாய் எண்ணெய்க்காகப் போனது, எத்தனை ரூபாய் புண்ணாக்குக்காகப் போனது என்று கேட்டால் அதற்கு உண்மையான விடை என்று ஒன்று கிடையாது. ஆனாலும் ஆண்டுக் கடைசியில் கிடங்கில் புண்ணாக்கு மூட்டைகள் அடுக்கியிருக்கும். அவற்றுக்கு ஏதாவது ஒரு மதிப்பை ஏட்டில் எழுதியாக வேண்டும். இந்தச் சொல்லும் அதைச் சுற்றிய சண்டைகளும் அந்தக் கட்டாயத்தில் பிறந்தவை.

சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். ஜாயின்ட் என்பது சேர்த்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. காஸ்ட் என்பதும் லத்தீன்தான். ஒரு விலையில் ‘நிற்பது’ என்ற கருத்து அதன் அடியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து பொருளியல் சொல்லாக நிலைபெற்றதில் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்குப் பங்கு உண்டு. 1848இல் வெளிவந்த தம் பொருளியல் நூலில், நிலக்கரியைச் சுட்டால் எரிவாயுவும் கோக் கரியும் சேர்ந்தே கிடைப்பதையும், ஆட்டிலிருந்து இறைச்சியும் கம்பளியும் சேர்ந்தே வருவதையும் அவர் எடுத்துக்காட்டினார். இரண்டின் விலையும் கூடி மொத்தச் செலவை ஈடுகட்ட வேண்டும் என்பது மட்டுமே உறுதி. அந்தச் சுமையை எது எவ்வளவு தாங்கும் என்பதைச் செலவு தீர்மானிக்காது, தேவைதான் தீர்மானிக்கும் என்றார். கணக்காளர்கள் இன்றும் அந்த வாக்கியத்தின் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தமிழில் என்ன சொல்வது? செலவு என்றால் கையிலிருந்து போனது. அடக்கம் என்றால் சரக்குக்குள் அடங்கியிருப்பது. ‘அடக்க விலைக்கே தருகிறேன்’ என்று கடைக்காரர் சொல்லும்போது நாம் நம்புவதில்லை என்றாலும், சொல் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே அடக்கம் பொருத்தமானது. இலங்கையில் இதற்குக் கிரயம் என்பார்கள். தமிழ்நாட்டில் கிரயம் என்றால் பத்திரப் பதிவு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். முன்னொட்டாகக் ‘கூட்டு’ என்று போட்டால், எல்லாவற்றையும் கூட்டி வந்த தொகை என்றோ பலர் சேர்ந்து செய்த செலவு என்றோ மயங்க இடமுண்டு. இணை என்றால் பிரிக்க முடியாத சோடி. அதனால் இணை அடக்கம் என்பதே என் தேர்வு. சேர்த்து ‘இணையடக்கம்’ என்று எழுதினால் இணையத்தோடு குழப்பிக்கொள்வார்கள், பிரித்தே எழுதலாம்.

அலகேஷன் என்பதற்கு ஒதுக்கீடு என்று எழுதுவது வழக்கம். இங்கே அது சரியாகப் பொருந்தாது. ஒரு செலவு முழுவதும் ஒரே சரக்குக்கு உரியது என்று தெரிந்து அதற்கென எழுதினால் அது ஒதுக்கீடு. ஓர் அளவுகோலை வைத்துப் பலவற்றுக்கும் பிரித்துக் கொடுத்தால் அது பகிர்வு. எண்ணெய்க்கும் புண்ணாக்குக்கும் இடையே நடப்பது பகிர்வுதான்.

ஸ்ப்ளிட்-ஆஃப் பாயின்ட் என்பதைப் பிளவுப் புள்ளி என்று எழுதினால் நிலநடுக்கச் செய்தி போலிருக்கிறது. பிரிநிலை என்ற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. தொல்காப்பியம் ஏகாரத்தின் பொருள்களில் ஒன்றாகப் பிரிநிலையைச் சொல்கிறது: ‘அவருள் இவனே கள்வன்’ என்னும்போது கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்துக் காட்டுகிறோம். எக்ஸ்பெல்லரின் வாயில் எண்ணெயும் புண்ணாக்கும் முதன்முதலில் தனித்தனியாக அடையாளம் தெரியும் இடமும் பிரிநிலைதான்.

இனி எண்கள். கையால் போட்டுப் பார்க்க வசதியாக நானே அமைத்துக்கொண்டவை இவை. சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1,000 கிலோ நிலக்கடலைப் பருப்பு, கிலோ 92 ரூபாய். ஆட்டுகூலியும் மின்சாரமும் 6,000 ரூபாய். ஆக இணை அடக்கம் 98,000 ரூபாய். கிடைப்பது 420 கிலோ எண்ணெய், 560 கிலோ புண்ணாக்கு. மீதி 20 கிலோ ஈரமாகவும் கசடாகவும் போய்விடுகிறது. பிரிநிலையில் எண்ணெய் கிலோ 200 ரூபாய்க்கும் புண்ணாக்கு கிலோ 50 ரூபாய்க்கும் விற்கும். அதாவது எண்ணெயின் விற்பனை மதிப்பு 84,000, புண்ணாக்கினுடையது 28,000, மொத்தம் 1,12,000 ரூபாய். ஆலைக்கு நிற்கும் லாபம் 14,000.

முதலாவது, அளவு முறை. தராசை மட்டும் பார்க்கிறோம். 980 கிலோவுக்கு 98,000 ரூபாய். எதுவானாலும் கிலோவுக்கு 100 ரூபாய். எண்ணெய்க்கு 42,000, புண்ணாக்குக்கு 56,000. எண்ணெயில் 42,000 ரூபாய் லாபம், புண்ணாக்கில் 28,000 ரூபாய் நட்டம். 50 ரூபாய்க்கு விற்கும் புண்ணாக்கின் அடக்கம் 100 ரூபாய் என்று ஏடு சொல்கிறது. இதைக் கண்டு பதறி, நட்டம் தரும் புண்ணாக்கை நிறுத்திவிடலாமா என்று ஒரு முதலாளி கேட்டால் சிரிக்கக் கூடாது. ஏடு அவரை அப்படித்தான் கேட்கத் தூண்டுகிறது.

இரண்டாவது, பிரிநிலை விற்பனை மதிப்பு முறை. 84,000க்கு 28,000, அதாவது மூன்றுக்கு ஒன்று. எண்ணெய்க்கு 73,500, புண்ணாக்குக்கு 24,500. எண்ணெயின் அடக்கம் கிலோ 175 ரூபாய், புண்ணாக்கினுடையது 43 ரூபாய் 75 காசு. எண்ணெயில் 10,500, புண்ணாக்கில் 3,500 ரூபாய் லாபம். இரண்டிலும் விற்பனையில் எட்டில் ஒரு பங்கு லாபம் என்பதைக் கவனியுங்கள். அது தற்செயல் அல்ல. மதிப்பின் விகிதத்திலேயே செலவைப் பகிர்ந்தால் லாப விகிதம் ஒன்றாகத்தான் வரும். வேறு மாதிரி வர வழியே இல்லை.

வேறுபாட்டின் காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது. அளவு முறை, ஒரு கிலோ எண்ணெயும் ஒரு கிலோ புண்ணாக்கும் செலவைச் சமமாகத் தாங்கும் என்று எடுத்துக்கொள்கிறது. சந்தையோ எண்ணெய்க்கு நான்கு மடங்கு விலை தருகிறது. எடையில் மூன்றுக்கு நான்கு என்று இருக்கும் விகிதம் பணத்தில் மூன்றுக்கு ஒன்றாகிவிடுகிறது. இரண்டு சரக்கும் கிலோ ஒரே விலைக்கு விற்றால் இரண்டு முறையும் ஒரே விடையைத் தரும். விலைகள் எவ்வளவு விலகுகின்றனவோ அவ்வளவு விடைகளும் விலகும். அறுத்த மரத்தில் ஏறத்தாழ ஒரே தரமான பலகைகளுக்கு அளவு முறை குறையில்லாமல் போவதும், எண்ணெய் ஆலையில் அது தடுமாறுவதும் இதனால்தான்.

மொத்த லாபம் இரண்டிலும் 14,000தானே, பிறகு எதற்கு இத்தனை சச்சரவு? எல்லாம் விற்றுத் தீர்ந்தால் சச்சரவே இல்லை. மார்ச் 31 அன்று எண்ணெய் முழுவதும் விற்று, புண்ணாக்கு முழுவதும் கிடங்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை மதிப்பு முறையில் இருப்பு 24,500, அந்த ஆண்டு லாபம் 10,500. அளவு முறையில் இருப்பு 56,000, லாபம் 42,000! ஆனால் இருப்பை அடக்கத்திலோ விற்றால் கைக்கு வரும் நிகரத் தொகையிலோ எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும் என்பது விதி. எனவே 56,000ஐ 28,000ஆகக் குறைக்க வேண்டும், லாபம் 14,000க்கு இறங்கும். இந்தக் குறைப்பு ஆண்டுதோறும் ஒரே சரக்குக்குத் திரும்பத் திரும்ப நேர்ந்தால், தேர்ந்தெடுத்த அளவுகோல் தவறு என்று சந்தேகிக்கலாம். இந்தியக் கணக்கியல் தரநிலை 2, பகிர்வு அறிவுக்கு உகந்ததாகவும் மாறாததாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. விற்பனை மதிப்பை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறதே தவிரக் கட்டாயமாக்கவில்லை.

விற்பனை மதிப்பு முறையைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. புண்ணாக்கு விலை 50 ரூபாயிலிருந்து 25 ரூபாயாக விழுகிறது என்று வையுங்கள். பருப்பு அதே விலை, கூலி அதே கூலி, எண்ணெய் விலையும் அதே. மொத்த மதிப்பு 98,000 ஆகிறது; எண்ணெயின் அடக்கம் 175 ரூபாயிலிருந்து 200 ரூபாய்க்கு ஏறிவிடுகிறது. ஆலைக்குள் எண்ணெய் சம்பந்தமாக ஒன்றுமே மாறவில்லை, மாட்டுத்தீவனச் சந்தையில்தான் மாறியது. ஆகவே இந்த அடக்கத்தைக் காட்டி எண்ணெய்க்கு விலை வைப்பது பாம்பு தன் வாலைத் தின்பது போன்றது: விலையிலிருந்து அடக்கம், அடக்கத்திலிருந்து விலை. விலையை அரசு கட்டுப்படுத்தும் சரக்குகளில், அடக்கத்தைக் காட்டித்தான் விலை கேட்க வேண்டும் என்ற நிலையில், அளவு முறைக்கு இன்னும் மரியாதை இருப்பதன் காரணம் இதுதான்.

புண்ணாக்கை இணைப் பொருளாகக் கொள்ளாமல் துணைப் பொருளாக, அதாவது பை-ப்ராடக்ட்டாக, வைத்தால் மூன்றாவது ஒரு விடையும் வரும். அதன் 28,000 ரூபாயை இணை அடக்கத்திலிருந்து கழித்துவிட்டு மீதி 70,000ஐ எண்ணெயின் மேல் ஏற்றுவார்கள். கிலோ சுமார் 167 ரூபாய். வரவில் கால் பங்கைத் தரும் சரக்கைத் துணை என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை.

அளவு முறையில் அடிக்கடி நேரும் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். எண்ணெய் லிட்டரில் விற்கிறது, புண்ணாக்கு கிலோவில். நிலக்கடலை எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 0.91 கிலோதான் நிற்கும். 420 கிலோ என்பது சுமார் 461 லிட்டர். அந்த 461ஐயும் 560ஐயும் யோசிக்காமல் கூட்டிவிட்டால் எண்ணெயின் பங்கு 42.9 சதவீதத்திலிருந்து 45.2 ஆக உயர்ந்துவிடும். கூட்டுத்தொகை 1,021 என்று வரும். உள்ளே போனதே 1,000 கிலோ என்று பார்த்தால் பிழை பிடிபட்டுவிடும்.

எண்ணெயை வடிகட்டி பாட்டிலில் அடைத்து விற்பதா, அப்படியே பீப்பாயில் விற்பதா என்ற கேள்விக்கு மட்டும் இந்த முறைகள் எதுவும் தேவையில்லை. வடிகட்டி அடைக்கக் கிலோவுக்கு 12 ரூபாய் ஆகி, விலை 200இலிருந்து 220க்கு ஏறினால், 420 கிலோவுக்கு 3,360 ரூபாய் கூடுதலாக நிற்கும். எண்ணெயின் அடக்கம் 100 என்று எழுதியிருந்தாலும் 175 என்று எழுதியிருந்தாலும் அந்த 3,360 மாறாது.