அண்டி ஆபீசில் சொன்ன புகார், மனுவில் மாறிப்போகாமல் எழுதுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து முந்திரி ஆலைகளில், ஊர் வழக்கில் அண்டி ஆபீசுகளில், வேலை பார்க்கும் பெண்கள் புகார் சொல்ல வந்தால் பத்து வரியில் சொல்லிவிடுவார்கள். அதை மனுவாக்கும்போதுதான் சிக்கல். எழுதுபவர் நல்லெண்ணத்தோடு செய்கிற சின்னத் திருத்தம்கூட விசாரணை நாளில் தொழிலாளிக்கே எதிராகத் திரும்பிவிடும். மாதிரிக்கு ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம்.

"ஓணம் கழிஞ்சதுல இருந்து தூக்கத்துல ஏய்க்கினும். நான் தல்லி வைக்கது பன்னெண்டு கிலோ இருக்கும், சீட்டுல எழுதுகது பத்து. எல்லா நாளும் இல்ல, வாரத்துல மூணு நாலு நாளு. கேட்டா பொடி கெடக்குன்னு செல்லுவினும். கோட்டாறு திருவிழா கழிஞ்ச திங்கக்கெழம நல்லா கேட்டுப் போட்டேன். இனி வராண்டாம்னு செல்லியாச்சு. அதோட நின்னாச்சு. எனக்க பைசா கிட்டணும்."

முதல் வேலை, இதை இப்படியே ஒரு தாளில் எழுதிவைப்பது. வழக்குத் தமிழைத் திருத்தக் கூடாது, வரிசையையும் மாற்றக் கூடாது. மனு எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க இந்தத் தாள் கையில் இருக்க வேண்டும். கேள்விகளை அதன் பிறகு கேட்கலாம்.

"தூக்கம்" என்று அவர் சொன்னது எடை போடுவதை. எடையைப் பற்றிய முதல் கேள்வி, பன்னிரண்டு கிலோ என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்பது. "இருக்கும்" என்று அவர் சொன்னது மதிப்பீடாக இருக்கலாம், தராசு முள்ளைக் கண்ணால் பார்த்ததாகவும் இருக்கலாம். "அக்கா, முள்ளு எங்க நின்னது, நீங்க நின்ன இடத்துல இருந்து தெரியுமா?" என்று கேட்டால் விஷயம் தெளிந்துவிடும். பார்த்திருந்தால் பார்த்ததாக எழுதலாம். முள் மேஸ்திரி பக்கம் திரும்பியிருந்தது, பெட்டியின் நிறைவை வைத்துத்தான் சொல்கிறேன் என்றால் "சுமார்" என்ற சொல்லையும் அந்தக் காரணத்தையும் மனுவில் சேர்க்க வேண்டும். வெறுமனே "12 கிலோ" என்று எழுதிவிட்டு, விசாரணையில் "நான் தராசைப் பார்க்கவில்லை" என்று அவர் சொல்ல நேர்ந்தால், மனுவில் உள்ள மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த இடத்தில் எழுதுபவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டும் ஆசை வரும். நாளுக்கு 2 கிலோ, மாதம் 26 நாள், மூன்று மாதம், ஆக மொத்தம் 156 கிலோ. ஆனால் அவர் சொன்னது வாரத்தில் மூன்று நான்கு நாள்தான். 13 வாரத்துக்கு அது 78 கிலோவிலிருந்து 104 கிலோ வரைதான் வரும், அதுவும் தோராயமாக. 156 என்று எழுதினால் அது ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை கூடிவிடும். ஒரு நாளுக்கு எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்பதை மட்டும் எழுதிவிட்டு, மொத்தத்தை ஆலையின் எடைப் பதிவேட்டைப் பார்த்துக் கணக்கிடும்படி கேட்பதே நல்லது. கையில் உள்ள சீட்டுகளின் நகலை இணைக்கலாம்.

"ஏய்க்கினும்" என்பதை "நிர்வாகம் மோசடி செய்கிறது" என்று மாற்றுவது சிலருக்குப் பழக்கம். மோசடி என்றால் யார், என்ன நோக்கத்தோடு செய்தார் என்றெல்லாம் நிரூபிக்க வேண்டியிருக்கும். அதற்காக "எடையில் வேறுபாடு காணப்படுகிறது" என்று எழுதினால் குற்றச்சாட்டே காணாமல் போய்விடும். "குறைத்து எழுதுகிறார்கள்" என்றாலே அவர் சொன்னது முழுதாக வந்துவிடுகிறது.

தேதியைப் பண்டிகையிலிருந்து எடுக்கலாம். 2025இல் திருவோணம் செப்டம்பர் 5. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3இல் முடியும், அதை அடுத்த திங்கள் டிசம்பர் 8. பண்டிகையையும் தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும். தேதியை மட்டும் எழுதினால், விசாரணையில் "எட்டாம் தேதி என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு அவர் முழிப்பார். திருவிழாவைச் சொன்னால் உடனே நினைவு வரும்.

இனிதான் ஆபத்தான வரி வருகிறது: "அதோட நின்னாச்சு." இதை "அதன் பின் வேலையிலிருந்து நின்றுவிட்டேன்" என்று எழுதியவர்கள் உண்டு, "விலகினேன்" என்று அழகுபடுத்தியவர்களும் உண்டு. படிக்கும் அதிகாரிக்கு அது ராஜினாமா. நிர்வாகத் தரப்புக்கு வேறு சாட்சியே வேண்டாம், மனுவை வாசித்தாலே போதும். எதிர்த்திசையில், "சட்டவிரோதமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டேன்" என்பதும் அவர் சொன்னதல்ல, அது முடிவு. நடந்ததை மட்டும் எழுதினால் போதும். "வராண்டாம்" என்று சொன்னது யார், மேஸ்திரியா மேனேஜரா, எந்த இடத்தில், எழுத்தில் ஏதாவது தந்தார்களா, மறுநாள் இவர் வாசல்வரை போனாரா என்று கேட்க வேண்டும். "செல்லியாச்சு" என்பதில் ஆள் இல்லை. மனுவில் ஆள் வேண்டும்.

"நல்லா கேட்டுப் போட்டேன்" என்பதையும் மறைக்க வேண்டாம். சத்தம் போட்டிருந்தால் அப்படியே எழுதுவது மேல். தகராறு செய்தார் என்று எதிர்த்தரப்பு எப்படியும் சொல்லத்தான் போகிறது.

கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களையும் சேர்த்தால் மனுவின் நடுப்பகுதி இப்படி அமையும்:

1. நான் மேற்படி ஆலையில் அண்டி தல்லும் (ஓடு உடைக்கும்) வேலையை, கிலோ கணக்கில் கூலி பெற்றுச் செய்பவள்.

2. கடந்த ஓணத்திற்குப் (5.9.2025) பிறகு, வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள் என் பருப்பின் எடையைச் சீட்டில் குறைத்து எழுதுகிறார்கள். தராசு முள் 12 கிலோ பக்கம் நிற்பதைப் பல நாட்கள் நேரில் பார்த்தேன். அந்த நாட்களில் சீட்டில் 10 கிலோ என்று எழுதினார்கள்.

3. கேட்டபோது, பருப்பில் பொடி கிடப்பதாக மேஸ்திரி சொன்னார். பொடியைத் தனியாக எடை போட்டுக் காட்டவில்லை.

4. கோட்டாறு திருவிழா முடிந்த பின் வந்த திங்கட்கிழமை (8.12.2025) இதைப் பற்றி மேஸ்திரியிடம் சத்தமாகக் கேட்டேன். "இனி வர வேண்டாம்" என்று அவர் வாயால் சொன்னார். எழுத்தில் எதுவும் தரவில்லை. அதனால் மறுநாள் முதல் வேலைக்குப் போகவில்லை. நானாக வேலையை விடவில்லை.

5. எடைப் பதிவேட்டைப் பார்த்து, குறைத்த எடைக்கான கூலியைப் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தாவது பத்தியில் வேலையைத் திரும்பக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கேட்டது பைசா மட்டும். வேலையும் வேண்டுமா என்று கேட்டுப் பார்த்து, வேண்டும் என்றால் மட்டும் சேர்க்க வேண்டும். நாமாகச் சேர்க்கக் கூடாது.

சட்டப் பிரிவு எண்களை எழுதாமல் விடலாம். 21.11.2025 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததால், இந்தப் புகாரின் ஒரு பகுதி அதற்கு முன்னும் மறுபகுதி பின்னுமாக விழுகிறது. எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அதிகாரி பார்த்துக்கொள்வார்.

எழுதி முடித்ததும் மனுவை நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும். "சரிதானா அக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு "சரி" என்றுதான் பதில் வரும். "நீங்க சொல்லாதது இதுல ஏதும் உண்டா? விட்டுப் போனது உண்டா?" என்று ஒவ்வொரு பத்திக்கும் கேட்டால்தான் திருத்தம் வெளிவரும். கைநாட்டு என்றால், வாசித்துக் காட்டியதாக ஒரு வரி எழுதி, வாசித்தவர் தம் பெயரோடு கையெழுத்திட வேண்டும்.

மனுவைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்தாலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தாலும், இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிவர வேண்டும். அதே தராசில் எடை போடும் மற்ற பெண்களின் பெயரைச் சாட்சியாக எழுதுவதானால், அவரவரிடம் தனித்தனியே சம்மதம் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் மறுநாளும் அந்த ஆலைக்குத்தான் போக வேண்டியவர்கள்.