35 நாள் கணக்கு: ஒரே மூச்சில் ஒரு தொடர், வாரம் ஒன்றாக ஒரு தொடர்

2022 மே 27, வெள்ளிக்கிழமை. நெட்பிளிக்ஸ் தன் தொடர்களை அமெரிக்க மேற்குக் கரையில் நள்ளிரவு அடிக்கும்போது விடும், அது மலேசியாவில் நமக்கு அன்று மதியம் 3 மணி. பிரிக்பீல்ட்ஸில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காம் சீசனைப் பார்க்க வீட்டுக்கு ஓடினார். திங்கள்கிழமை மாமாக் கடையில் உட்கார்ந்தபோது அவர் 7 எபிசோடையும் முடித்திருந்தார், நான் இரண்டாவதில் இருந்தேன், இன்னொருவர் ஆரம்பிக்கவே இல்லை. ஒரே மேசையில் மூன்று பேர், பேச ஒன்றுமில்லை. "சொல்லாதீங்க அண்ணே, சொல்லாதீங்க" என்பதுதான் மொத்த உரையாடலும்.

மீதி 2 எபிசோட் வந்தது ஜூலை 1-ஆம் தேதி. நாட்களை எண்ணினால் 35.

இப்போது இன்னொரு தொடர். அமேசானின் 'தி பாய்ஸ்' முதல் சீசன் 2019-இல் 8 எபிசோடும் மொத்தமாக வந்தது. அடுத்த வருடம் இரண்டாம் சீசனுக்கு முறையை மாற்றினார்கள்: செப்டம்பர் 4-இல் 3 எபிசோட், பிறகு வாரத்துக்கு ஒன்று, கடைசி எபிசோட் அக்டோபர் 9. எண்ணிப் பாருங்கள், அதுவும் 35 நாள். (மொத்தமாகக் கிடைக்கும் என்று காத்திருந்த ரசிகர்கள் கோபத்தில் ஒற்றை நட்சத்திரமாகக் குத்தித் தள்ளினார்கள். கதை பிடிக்காமல் இல்லை, காக்க வைத்ததுதான் குற்றம்.)

சந்தா மாதக் கணக்கு, மாதம் 31 நாளைத் தாண்டாது. எட்டு எபிசோடையும் ஒரே நாளில் கொடுத்தால், ஒரு மாதக் காசைக் கட்டி, வார இறுதியில் பார்த்து முடித்து, சந்தாவை நிறுத்திவிட்டுப் போய்விடலாம். 35 நாளுக்கு இழுத்தால் முதல் நாளே பார்க்க வந்தவர் இரண்டாவது மாதமும் கட்டியாக வேண்டும். இரண்டு நிறுவனமும் உட்கார்ந்து 35 என்று முடிவு செய்ததாக நான் சொல்லவில்லை, தயாரிப்பு தாமதம் மாதிரி வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு தெரியாதவர்கள் அந்த வேலையில் இருக்க மாட்டார்கள்.

எனக்கு இதைவிட சுவாரஸ்யமான விஷயம், வெளியிடும் முறை மாறினால் எழுதும் முறையும் மாறியாக வேண்டும் என்பது. ஒரு கதையை வைத்தே பார்ப்போம். செந்தூலில் ஒரு நகைக்கடை, ஒரு திருட்டு. இரண்டாவது எபிசோடில் பாட்டி அரிசி டின்னுக்கு அடியில் ஒரு சாவியை வைக்கிறார், கேமரா அதை இரண்டு விநாடி காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆறாவது எபிசோடில் அந்தச் சாவிதான் எல்லாவற்றையும் திறக்கிறது. ஒரே நாளில் பார்ப்பவருக்கு இடைவெளி சுமார் மூன்று மணி நேரம், சாவி கண்ணிலேயே நிற்கும். வாரம் ஒன்றாகப் பார்ப்பவருக்கு 28 நாள். நடுவில் சம்பளம் வந்து போயிருக்கும், ஒரு கல்யாணம் நடந்திருக்கும், சாவி எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? அதனால் வாரத் தொடர் எழுதுபவர் நான்காவது எபிசோடில் பாட்டியை இன்னொரு தடவை அரிசி டின் பக்கம் அனுப்ப வேண்டும், யாராவது "என்ன பாட்டி தேடுறீங்க?" என்று கேட்க வேண்டும். மொத்தமாக வருவதற்கு எழுதினால் அந்தக் காட்சி வேண்டாம், வைத்தாலே கெடுதல், ஏனென்றால் ஒன்றரை மணி நேரம் முன்னால் சாவியைப் பார்த்தவர் உடனே மொத்தத்தையும் ஊகித்துவிடுவார்.

ஞாபகத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 51 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, 6 எபிசோட் உள்ள ஒரு தொடரைக் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு ஒரே மூச்சில், ஒன்றுக்குத் தினம் ஒன்று, இன்னொன்றுக்கு வாரம் ஒன்று. பார்த்து முடித்த மறுநாள் ஒரே மூச்சுக் குழுதான் கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொன்னது. ஆனால் நாட்கள் போகப் போக அவர்களுடைய ஞாபகம்தான் வேகமாகச் சரிந்தது, வாரக் குழுவினருக்குக் குறைவாகவே சரிந்தது. ஒரே மூச்சில் பார்த்தவர்கள் தொடரை அவ்வளவாக ரசிக்கவில்லை என்றும் சொன்னார்கள். 51 பேர் சின்னக் கூட்டம்தான், அதை வைத்து எல்லாரையும் எடை போட முடியாது. ஆனாலும் போன வருடம் இரண்டு நாளில் முடித்த தொடரின் ஐந்தாவது எபிசோடில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் 'தொடரும்' போடும் இடம். அமெரிக்காவின் 'டல்லாஸ்' தொடரில் 1980 மார்ச் 21 அன்று ஜே.ஆர். என்ற பாத்திரத்தை யாரோ சுட்டார்கள். யார் என்று தெரிந்தது நவம்பர் 21-இல், சரியாக எட்டு மாதம் கழித்து (நடுவில் நடிகர்கள் வேலைநிறுத்தம் வேறு வந்து தள்ளிப்போட்டது). ஜனங்கள் அவ்வளவு நாள் தாங்கியதற்குக் காரணம், அந்த ஆளைச் சுட அரை டஜன் பேருக்குக் காரணம் இருந்தது, ஆளுக்கொரு பேரைச் சொல்லிச் சண்டை போடலாம். காத்திருக்க வைக்கும் முடிச்சு அப்படித்தான் இருக்க வேண்டும், வாரம் முழுக்க வாயில் போட்டு மெல்ல ஏதாவது வேண்டும்.

அடுத்த எபிசோட் சில விநாடிகளில் தானாக ஓடப்போகிறது என்றால் அந்தச் சிரமமே இல்லை. கதவு திறக்கிறது, நாயகி திரும்பிப் பார்க்கிறாள், கறுப்புத் திரை. கேள்வி என்று ஒன்றுமில்லை, காட்சியைப் பாதியில் வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ரிமோட்டை எடுக்கும் கையைத் தடுத்தால் போதும். எது எந்த வகை என்று கண்டுபிடிப்பது சுலபம்: அடுத்த எபிசோடின் முதல் இரண்டு நிமிடத்தில் கதவுக்குப் பின்னால் பூனை நின்றால், அது ரிமோட்டுக்காகப் போட்ட வெட்டு. அதே வெட்டை வாரத் தொடரில் போட்டுவிட்டு ஏழு நாள் கழித்துப் பூனையைக் காட்டினால் திட்டுதான் கிடைக்கும்.

எபிசோட் எண்ணிக்கை சுருங்கியதும் இதோடு சேர்ந்த கதை. அமெரிக்கச் சேனல்கள் செப்டம்பரிலிருந்து மே வரை விளம்பர நேரத்தை நிரப்ப சீசனுக்கு 22 எபிசோட் போலச் செய்தன, அதில் பாதி அந்தந்த வாரமே முடிகிற குட்டிக் கதை. நெட்பிளிக்ஸ் 2013 பிப்ரவரியில் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரை மொத்தமாக விட்டபோது அது 13, கேபிள் சேனல்களின் பழைய வழக்கம். இப்போது 8 சாதாரணம். நிரப்ப வேண்டிய நேரம் என்று ஒன்று இல்லாததால் குட்டிக் கதைகள் போயின, ஒரு எபிசோட் இவ்வளவு நிமிடம் என்ற கட்டும் போனது, ஒரே நீளமான கதையை எட்டாக வெட்டிப் போடுகிறார்கள். நாலு, அஞ்சு, ஆறில் கதை தொய்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மொத்தமாகக் கிடைக்கும்போது அந்தத் தொய்வை அரைத் தூக்கத்தில் கடந்துவிடுவோம். வாரம் ஒன்றாக வந்தால் மூன்று வாரம் ஒன்றுமே நடக்கவில்லை என்று பார்ப்பவர் ஓடிவிடுவார்.

என் அக்கா மகன் கெட்டிக்காரன், வாரத் தொடர் எதையும் வரும்போது தொடவே மாட்டான், கடைசி எபிசோட் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை மொத்தமாகப் பார்ப்பான். சந்தாவும் ஒரு மாதம்தான். போன முறை பாதியில் எழுந்து வந்து என்னிடம் கேட்டான்: "மாமா, இவங்க ஏன் ஒரே விஷயத்த மூணு தடவ சொல்றாங்க?"