கல்யாணத்தில் தெளிவாகக் கேட்கும் மஹாலில் பயிற்சி வகுப்பு ஏன் கேட்பதில்லை?

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம் என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஒரு திருமண மஹால். கடற்பாசி சேகரிக்கும் பெண்கள் 120 பேருக்கு அங்கே இரண்டு நாள் பயிற்சி நடத்துவதாக ஏற்பாடு. நிகழ்ச்சிகளை ஒருங்கிணைப்பது என் தொழில். எந்த இடத்தையும் நேரில் பார்க்கப் போகும் முன் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவேன். ஹாலின் நீளம், அகலம், உயரம் எவ்வளவு? மேற்கூரை என்ன பொருள்? கரண்ட் எத்தனை ஃபேஸ், ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? குழு விவாதத்துக்குத் தனி அறைகள் உண்டா? கடைசியில் ஒரு வேண்டுகோள்: "ஹால் காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கைதட்டி, அதை போனில் வீடியோ எடுத்து அனுப்புங்கள்."

மேலாளர் அன்று மாலையே கூப்பிட்டார். "தம்பி, கைதட்டுறதெல்லாம் எதுக்கு? போன மாசம் கல்யாணத்துல அறுநூறு பேரு. மைக்குல பேசுனது கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு."

"அறுநூறு பேரு இருந்தா கேட்கும்ணே. எங்களுக்கு நூத்தி இருபது பேருதான். அதுதான் பயமா இருக்கு."

கூட்டம் குறைந்தால் இன்னும் நன்றாகத்தானே கேட்க வேண்டும் என்று அவர் நினைத்தது இயல்பு. நடப்பது அதற்கு நேர்மாறாக இருக்கிறது. அந்தக் கணக்கு முழுவதும் மின்னஞ்சலின் முதல் இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

காலி ஹாலில் கைதட்டினால் சத்தம் காதுக்கு வருவதோடு நிற்பதில்லை. சுவரில் மோதித் திரும்புகிறது, கிரானைட் தரையில் மோதுகிறது, கான்கிரீட் கூரைக்குப் போய் மறுபடி கீழே வருகிறது. பூச்சு போட்ட சுவரும் கிரானைட்டும் தம்மேல் விழும் சத்தத்தில் நூற்றில் மூன்று நான்கு பங்கைத்தான் விழுங்கும். மீதி எல்லாம் திரும்ப வரும். இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும் சத்தம் 60 டெசிபல் குறைவதற்கு ஆகும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்பார்கள். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புது விரிவுரை மண்டபத்தில் பேச்சு புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்க வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரை நியமித்தார்கள். வேறொரு அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அந்த உழைப்பில் கிடைத்த விதி இன்றும் பயன்படுகிறது. ஹாலின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் விநாடியில் வந்துவிடும். உறிஞ்சும் பரப்பு என்பதைத் திறந்த ஜன்னலாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் வழியே போன சத்தம் திரும்பாது. அதனால் அது முழுதாக ஒரு சதுர மீட்டர். நான்கு சதவீதம் மட்டும் விழுங்கும் சுவரில் 25 சதுர மீட்டர் இருந்தால்தான் அந்த ஒன்றுக்கு ஈடாகும்.

மேலாளர் கொடுத்த அளவு 27 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். கன அளவு 2,430. தரை, கூரை, நான்கு சுவர் எல்லாம் சேர்ந்து 1,314 சதுர மீட்டர். அதில் நான்கு சதவீதம் என்றால் உறிஞ்சும் பரப்பு ஏறத்தாழ 53. காலி ஹாலின் எதிர்முழக்க நேரம் 7.4 விநாடி.

இனி ஆட்களைச் சேர்ப்போம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், உடுத்திய துணியோடு, சுமார் 0.45 சதுர மீட்டருக்குச் சமமாக உறிஞ்சுவார். அறுநூறு பேர் என்றால் 270. சுவரின் 53-ஐயும் கூட்டினால் 323, நேரம் 1.2 விநாடிக்கு இறங்கிவிடுகிறது. பேச்சு புரிய அது போதும். கல்யாணத்தன்று மேலாளர் கேட்ட கணீர் சத்தத்துக்குக் காரணம் பட்டுப்புடவையும் வேட்டியும் உடுத்தி வந்த அந்த அறுநூறு பேர். நம் 120 பேர் கொடுப்பது 54 மட்டுமே. மொத்தம் 107, நேரம் 3.7 விநாடி.

3.7 விநாடி என்றால் என்ன ஆகும்? பேசும்போது விநாடிக்கு நான்கைந்து அசைகள் வாயிலிருந்து வருகின்றன. ஓர் அசைக்கும் அடுத்ததற்கும் இடையே 0.2 விநாடி என்று வையுங்கள். அறுநூறு பேர் இருக்கும் ஹாலில் அடுத்த அசை வருவதற்குள் முந்தையது 10 டெசிபல் தணிந்திருக்கும். 120 பேர் இருக்கும்போது மூன்று டெசிபல்தான் தணியும். "கயிறு கட்டும்போது" என்று பயிற்சியாளர் சொன்னால் "கயி" ஓயாமலே "று" வந்து அதன்மேல் ஏறும், அதன்மேல் "கட்" ஏறும். நெடில்கள் நீண்டு கேட்கும்; க், ட், ப் எல்லாம் மறைந்துபோகும். சத்தம் உண்டு, சொல் இல்லை. அந்த நேரத்தில் ஆபரேட்டர் வால்யூமைக் கூட்டுவார். நேராக வரும் குரலும் சுற்றி வரும் முழக்கமும் ஒரே அளவில் கூடுவதால் ஒரு பலனும் இருக்காது. பேசுகிறவரை மெதுவாகப் பேசச் சொல்வதும், ஸ்பீக்கரை கேட்பவருக்குப் பக்கத்தில் கொண்டுவருவதும் உதவும். இந்த ஹாலில், சத்தத்தை ஒரே திசையில் குவித்து அனுப்பும் நல்ல ஸ்பீக்கர் என்றாலும் நான்கைந்து மீட்டர் தாண்டினால் முழக்கம் குரலை முந்திவிடும்.

கூரை என்ன பொருள் என்று கேட்டதும் இதற்காகத்தான். மினரல் ஃபைபர் ஓடு பதித்த ஃபால்ஸ் சீலிங் தன்மேல் விழும் பேச்சொலியில் பாதிக்கு மேல் விழுங்கும். இந்த ஹாலில் அது இருந்தால் 120 பேரோடும் நேரம் 1.1 விநாடிக்கு வந்திருக்கும். "ஃபால்ஸ் சீலிங் இருக்கு" என்ற பதிலோடு மட்டும் திருப்தி அடையக்கூடாது. துளையில்லாத ஜிப்சம் பலகை பார்க்க அழகு, பேச்சொலியைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட சுவர்தான். இங்கே இருந்தது வெறும் கான்கிரீட்.

வீடியோ இரண்டு நாளில் வந்தது. மேலாளரின் மகன் கைதட்டியிருந்தான். தட்டு முடிந்து "ஊ..." என்று நான்கு விநாடி இழுத்தது. 7.4 எங்கே, நான்கு எங்கே என்று தோன்றலாம். கைதட்டல் 60 டெசிபல் குறைவதற்கு முன்பே மின்விசிறி இரைச்சலிலும் வெளிச் சத்தத்திலும் மூழ்கிவிடும். காதுக்கு எட்டுவது பாதிச் சரிவு மட்டுமே. அதனால் கேட்ட நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்வது என் வழக்கம். துல்லியமான அளவீடு இல்லை, ஆனால் ஹாலை ஒதுக்கவும் வைத்துக்கொள்ளவும் இது போதும்.

நேரில் போனேன். ஆறு கதவுகளையும் திறந்துவிட்டால் 29 சதுர மீட்டர் திறப்பு கிடைக்கும், அது நல்ல உறிஞ்சல்தான். ஆனால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதம் அது. திறந்தால் காற்று மைக்கில் மோதிக் கடகடக்கும். ஜெனரேட்டர் வேறு கிழக்குக் கதவுக்கு எட்டடி தள்ளி நின்றது. ஜெனரேட்டரின் இடத்தை மின்னஞ்சலில் கேட்பது டீசல் வண்டி போய்வரும் வசதிக்காக மட்டும் இல்லை என்பது இப்போது புரியும்.

கரண்ட் விஷயத்தில் கடற்கரைக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. எலக்ட்ரீசியனை மெயின் போர்டைத் திறந்து காட்டச் சொன்னேன். நியூட்ரல் கம்பி மாட்டியிருந்த செம்பு லக்கில் பச்சைப்பொடி பூத்திருந்தது, பக்கத்துப் பிளாஸ்டிக் மூடி லேசாகப் பழுப்பேறியிருந்தது. கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் செம்பை அரிக்க அரிக்க இணைப்பில் மின்தடை கூடும். தடை 0.1 ஓம் என்று வைத்து 20 ஆம்பியர் ஓடவிட்டால், மின்னழுத்தத்தில் இரண்டு வோல்ட்தான் குறையும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அதே இடத்தில் 40 வாட் வெப்பம் பிறக்கும். சால்டரிங் இரும்பின் வெப்பம் அது, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில். சூட்டில் இணைப்பு தளர்ந்து தடை இன்னும் ஏறும். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் சுமை குறைந்த ஃபேஸில் வோல்ட் 230-ஐத் தாண்டி எகிறும். புரொஜெக்டரும் ஆடியோ மிக்சரும் அதில் இருந்தால் புகைந்துவிடும். லக்கை மாற்றி முறுக்கித் தர மேலாளர் உடனே ஒத்துக்கொண்டார்.

இன்னொன்று, பல வருடம் முன்பு வேறொரு மண்டபத்தில் நானே பட்டது. மேடையில் ஆம்ப்ளிஃபையர், பின்சுவரில் மிக்சர். இரண்டுக்கும் கரண்ட் வேறு வேறு லைன். நாள் முழுக்க ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற உறுமல், ஒருவரும் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு இடத்து எர்த்துகளுக்கும் இடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு இருந்தால், மிக்சரிலிருந்து மேடைக்குப் போகும் ஆடியோ கேபிளின் உறை வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும். அதுதான் உறுமல். மிக்சரில் மாட்டிய லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் உறுமல் நின்றால் அதுவும் இதே நோய்தான். அன்றிலிருந்து மிக்சருக்கும் மேடைக்கும் ஒரே பாயிண்ட்டிலிருந்து லைன் இழுக்கச் சொல்லி மின்னஞ்சலிலேயே எழுதிவிடுகிறேன்.

தனி அறைகள் என்று மணமகன் அறையையும் மணமகள் அறையையும் காட்டினார் மேலாளர். ஒவ்வொன்றும் பத்துப் பேருக்குத் தாங்கும். நமக்கு வேண்டியது முப்பது பேர் வட்டமாக உட்காரும் இடம். ஹாலை ப்ளைவுட் தட்டியால் தடுத்துத் தருகிறேன் என்றார். மேலே இரண்டு மீட்டர் திறந்திருக்கும் தட்டி பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. முழுக் கதவு என்றாலும்கூட அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் 23 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது.

திரும்பும் முன் சாப்பாட்டுக் கூடத்துக்குள் தண்ணீர் குடிக்கப் போனேன். தாழ்வான கூரை. பழக்கத்தில் கைதட்டினேன், முழக்கம் சீக்கிரமே அடங்கிவிட்டது. அளந்தால் 18-க்கு 10, உயரம் 3.3 மீட்டர். கன அளவு 594, காலியில் உறிஞ்சும் பரப்பு 22. அதோடு 120 பேரின் 54-ஐயும் கூட்டினால் எதிர்முழக்க நேரம் 1.3 விநாடிக்குள்.

"அண்ணே, வகுப்பை இங்க வச்சுக்குறோம். சாப்பாட்டை அந்தப் பெரிய ஹால்ல போடுங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சோறு பரிமாற தூரம் ஆகுமே தம்பி" என்றார். பரிமாற இரண்டு ஆள் கூடுதலாகப் போடுவதற்கான தொகையை அங்கேயே பேசி முடித்தோம். குழு விவாதத்துக்கு ஒரு குழு அதே கூடத்தில், ஒன்று முகப்புத் திண்ணையில், மற்ற இரண்டும் காற்று மறைவாக மேற்கு மதிலை ஒட்டிய வேப்பமரங்களின் அடியில், ஒன்றுக்கொன்று இருபது மீட்டர் தள்ளி. திறந்தவெளியில் எதிர்முழக்கமே கிடையாது.