கூஸ்நெக் கெட்டிலா, தராசா: முதலில் எது?

தூள் வைத்த டிரிப்பரில் வெந்நீர் ஊற்றி வடிக்கும் போர் ஓவர் முறையில் காபி போடப் பழகுகிறீர்கள், இப்போதைக்கு ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், தராசை வாங்குங்கள். டைமர் போனிலேயே இருக்கிறது. கெட்டில் பிறகு வரட்டும்.

கரண்டியால் அளந்தால் என்ன ஆகும்? லேசாக வறுத்த காபிக்கொட்டை அடர்த்தியாக இருக்கும். கருக வறுத்தது உப்பி, கனம் குறைந்திருக்கும். அதனால் அதே கரண்டி ஒரு தூளில் 15 கிராம் காட்டினால் இன்னொன்றில் 13 காட்டும். 250 கிராம் தண்ணீருக்கு 15 கிராம் தூள் என்றால் ஏறக்குறைய 1:17. தூள் 13 ஆனால் 1:19, கை தாராளமாகி 18 ஆனால் 1:14. இது நாக்குக்கே தெரியும் வித்தியாசம். அப்புறம் சுவை மாறியது அரைத்த பதத்தாலா, அளவாலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

தண்ணீரிலும் இதே கதைதான். தூள் தன் எடையைப் போல இரு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 250 ஊற்றினால் கோப்பைக்கு வருவது 220 போலத்தான். கோப்பை நிரம்புவதைப் பார்த்து ஊற்றினால் 30 கிராம் கூடுதலாகப் போய்விடும். ஆகவே கோப்பை, டிரிப்பர் எல்லாவற்றையும் தராசில் வைத்து, எண்ணைப் பார்த்தபடியே ஊற்ற வேண்டும்.

நேரம், அரைத்த பதம் சரியா என்று சொல்லும் தகவல். 15 கிராம் தூளுக்குத் தண்ணீர் முழுவதும் இறங்க 3 நிமிடத்தை ஒட்டி ஆகும். ஒன்றே முக்கால் நிமிடத்தில் இறங்கி, காபி நீர்த்துப் புளித்தால் இன்னும் நைசாக அரையுங்கள். நாலரை நிமிடம் இழுத்துக் கசந்தால் கொரகொரப்பாக அரையுங்கள். பத்து விநாடி முன்பின் ஆவதால் ஒன்றும் கெடாது.

சரி, கெட்டில்? சாதாரண கெட்டிலில் தண்ணீர் தடிமனாக, சட்டென்று விழுந்து தூளில் குழி பறிக்கும். குழி வழியே தண்ணீர் வேகமாக ஓட, ஓரத்துத் தூள் பாதி ஊறியபடி நின்றுவிடும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால் இதைச் சந்தேகப்படலாம். தண்ணீர் வடிந்தபின் தூளைப் பாருங்கள்: மட்டமாக இல்லாமல் நடுவில் பள்ளம் இருந்தால் ஊற்றியதில்தான் கோளாறு. கூஸ்நெக்கின் மெல்லிய வளைந்த மூக்கு இதைத்தான் தடுக்கிறது.

ஆனால் இதற்கு மாற்றுவழி உண்டு. கெட்டிலைப் பாதி மட்டும் நிரப்பி, தாழ்வாகப் பிடித்து, 50 கிராம், 50 கிராமாக ஊற்றுங்கள். முதல் முறை மட்டும் 45 கிராம் ஊற்றி, தூள் முழுதும் நனையும்படி டிரிப்பரை மெதுவாகச் சுழற்றி, அரை நிமிடம் விடுங்கள். பிரெஞ்ச் பிரஸ்ஸில் தூள் முழுவதும் தண்ணீரிலேயே ஊறுவதால் கெட்டிலின் மூக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அங்கும் தராசு வேண்டும்.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசே போதும். வாங்குமுன் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில தராசுகள் இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், ஊற்றிக்கொண்டிருக்கும்போதே எண் மறைந்துவிடும்.