சிங்கப்பூரில் கட்டிய வரி திருமலையில் எப்படிக் கழிகிறது

போன மாதம் உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி வரிக் கணக்குப் பார்க்க என்னிடம் வந்திருந்தார். இங்கே ஒரு நிறுவனத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு 2025 ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை நான்கு மாதம் சிங்கப்பூரில் ஒரு கப்பல் தளத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். பெயர் வராமல் எழுதச் சம்மதித்தார். கணக்கு விளங்குவதற்காகத் தொகைகளை முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

"அக்கா, அங்கேயும் வெட்டிப்போட்டாங்கள். இங்கேயும் கட்டவேணுமெண்டு சொல்றாங்கள். ஒரு காசுக்கு ரெண்டு வரியா?" என்று கேட்டார். தானே ஒரு கணக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதன்படி இலங்கை அரசாங்கம் அவருக்கு 4,000 ரூபா திருப்பிக் கொடுக்கவேண்டும். நான் போட்டுப் பார்த்தபோது அவர் 158,000 ரூபா கட்டவேண்டியிருந்தது. இடையில் நின்ற 162,000 ரூபாவும் ஒரே ஒரு பிழையால் வந்தது. வெளிநாட்டுச் சம்பளத்தோடு வருகிறவர்களில் பலரிடம் இதே பிழையைப் பார்க்கிறேன்.

அவருடைய சிங்கப்பூர் வங்கிக் கூற்றில் நான்கு வரவுகள் இருந்தன. முதல் மூன்றும் 3,125 டொலர். கடைசியில் வந்தது 1,250 டொலர் மட்டும். சிங்கப்பூரில் நம் நாட்டைப்போல மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை. வெளிநாட்டுத் தொழிலாளி வேலையை விட்டுப் போகும்போது, குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னரே முதலாளி ஐ.ஆர்.21 என்ற படிவத்தை அங்குள்ள வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கவேண்டும். அதன்பின் கொடுக்கவேண்டிய பணத்தை நிறுத்தி வைத்து, வரி எவ்வளவென்று தெரிந்ததும் அதைக் கட்டிவிட்டு மிச்சத்தைத்தான் தொழிலாளியிடம் கொடுப்பார். அதனால்தான் முதல் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளில் வரி என்ற சொல்லே இல்லை. நான்காவது மாதத்தில் 1,875 டொலர் ஒரேயடியாகப் போயிருந்தது.

அந்த 1,875 எங்கிருந்து வந்தது? ஒரு ஆண்டில் 60 நாளுக்கு மேலும் 183 நாளுக்குக் குறைவாகவும் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர் அங்கே வதிவற்றவர். அவருடைய சம்பளத்துக்கு 15 வீதம், அல்லது அங்கு வதிகிறவர்களுக்கான அட்டவணைப்படி வரும் தொகை, இரண்டில் எது கூடவோ அதுதான் வரி. தம்பியின் நான்கு மாதச் சம்பளம் 12,500 டொலர். அவ்வளவு சிறிய தொகைக்கு அந்த அட்டவணையில் ஒன்றும் வராது, ஆகவே 15 வீதம்.

தம்பி விட்ட பிழை இதுதான். வங்கிக் கூற்றில் வந்த நான்கு தொகைகளையும் கூட்டி, 10,625 டொலரைத் தன் வெளிநாட்டு வருமானம் என்று எழுதியிருந்தார். பிறகு அங்கே கட்டிய 1,875 டொலரையும் இலங்கை வரியிலிருந்து கழித்திருந்தார். கையில் வந்த தொகையை எழுதினாலே அந்த 1,875 வருமானத்திலிருந்து வெளியே போய்விடுகிறது. அதை மறுபடி வரியிலும் கழித்தால் ஒரே பணம் இரண்டு தடவை கழிகிறது. வருமானமாகக் காட்டவேண்டியது வரி வெட்டுவதற்கு முந்திய முழுச் சம்பளம், அதாவது 12,500 டொலர். வரவு, அதாவது இலங்கை வரியிலிருந்து கழிவு, கேட்பது அதன்மேல் கட்டிய வரிக்கு.

"நான் உழைச்சது அங்கே. அதை ஏன் இங்கே காட்டவேணும்?" என்ற கேள்வி அடுத்தது. நியாயமான கேள்விதான். வரி விடயத்தில் ஒருவர் இலங்கையில் வதிவாளர் என்றால், உலகத்தில் எங்கே உழைத்தாலும் அது இங்கே கணக்கில் சேரும். வதிவற்றவர் என்றால் இலங்கையில் எழும் வருமானம் மட்டும்தான். வதிவாளர் யாரென்று தீர்மானிக்கிற முக்கியமான அளவுகோல்களில் ஒன்று 183 நாள். இவர் அந்த வரி ஆண்டில் எட்டு மாதம் இங்கேதான் இருந்தார், வீடும் குடும்பமும் இங்கே. சந்தேகத்துக்கு இடமில்லை. ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து வெளிநாட்டிலேயே இருந்து உழைக்கிற நம்மவர்கள் பலர் இந்த வலைக்குள் வருவதில்லை. அவர்களின் கதையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிங்கப்பூர் வரி கேட்டதும் பிழையில்லை. இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. குறுகிய காலம் வேலைக்குப் போகிறவருக்கு அதில் விலக்கு இருக்கிறதுதான். ஆனால் அது சம்பளம் கொடுப்பவர் அந்த நாட்டவராக இல்லாதபோது பயன்படுகிற விலக்கு. இவருக்குச் சம்பளம் கொடுத்தது சிங்கப்பூர் நிறுவனமே. ஆகவே முதலில் வரி எடுக்கும் உரிமை சிங்கப்பூருக்கு. இலங்கை அதே வருமானத்தைக் கணக்கில் சேர்த்துவிட்டு, அங்கே கட்டியதற்கு வரவு கொடுக்கும். இந்த வரவு 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 80 ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஒப்பந்தம் இல்லாத நாட்டில் கட்டிய வருமான வரிக்கும் இதன்கீழ் வரவு கேட்கலாம்.

இனி 2025/26 வரி ஆண்டுக்கான கணக்கு. டொலர் ஒன்றுக்கு 240 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உண்மையான படிவத்தில் அந்தந்த நேரத்து மாற்று வீதத்தைப் பார்க்கவேண்டும். சிங்கப்பூர்ச் சம்பளம் 3,000,000 ரூபா, அங்கே கட்டிய வரி 450,000 ரூபா. இங்கே எட்டு மாதம், மாதம் 250,000 ரூபா வீதம் 2,000,000. இந்த உள்ளூர்ச் சம்பளத்தில் முதலாளி மாதம் 8,000 ரூபாவாகப் பிடித்த முற்பண வரி, அதாவது ஏபிஐடி, மொத்தம் 64,000.

இரண்டு சம்பளமும் சேர்ந்து 5,000,000. ஆண்டுக்கான தனிநபர் சலுகை 1,800,000. அதை உள்ளூர்ச் சம்பளத்தில் கழிக்கிறேன். உள்ளூரில் 200,000 மிஞ்சும், வெளிநாட்டுச் சம்பளம் குறையாமல் நிற்கும். வரிக்குரிய வருமானம் 3,200,000. முதல் 1,000,000க்கு 6 வீதப்படி 60,000. அடுத்த மூன்று 500,000களுக்கும் 18, 24, 30 வீதப்படி 90,000, 120,000, 150,000. மிச்சம் 700,000க்கு 36 வீதப்படி 252,000. எல்லாம் சேர்ந்து இலங்கை வரி 672,000 ரூபா.

அங்கே கட்டிய 450,000ஐ இதிலிருந்து அப்படியே கழித்துவிடலாமா? உடனே கழிக்க முடியாது. சட்டம் இந்த வரவுக்கு ஒரு மேல் எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லையைப் பார்ப்பது உங்கள் சராசரி வரி வீதத்தை வைத்து. 36 வீதத்தை வைத்தல்ல. 672,000ஐ 3,200,000ஆல் வகுத்தால் 21 வீதம். வெளிநாட்டு வருமானமான 3,000,000இல் 21 வீதம் 630,000. அதுதான் எல்லை. இவர் கட்டியது 450,000, எல்லைக்குள் இருக்கிறது, முழுவதும் கழியும். 672,000இல் 450,000 போய், ஏபிஐடி 64,000உம் போனால் மிச்சம் 158,000. இதைத்தான் தம்பி கட்டவேண்டும்.

அவருடைய முகம் வாடிவிட்டது. ஆனால் ஒரு காசுக்கு இரண்டு முழு வரி கட்டவில்லை. சிங்கப்பூர் 15 வீதம் எடுத்தது, இலங்கையின் சராசரி 21 வீதம் என்பதால் இடைவெளியை இங்கே நிரப்புகிறார். வரவு செய்வது அவ்வளவுதான். இரண்டு வரிகளில் எது கூடவோ, ஏறத்தாழ அந்த அளவுக்குக் கட்டுகிற நிலைக்கு உங்களைக் கொண்டுவந்து விடும்.

இதையே மறுபக்கமாகப் பார்த்தால் எல்லை எங்கே கடிக்கிறதென்று தெரியும். அவர் வேலை செய்த நாடு 25 வீதம் பிடிக்கிற நாடாக இருந்திருந்தால் அங்கே 750,000 போயிருக்கும். இங்கே வரவு 630,000 மட்டும். மேலதிகமான 120,000ஐ இலங்கை திருப்பித் தராது, அது நம் திறைசேரிக்கு வந்த பணமே இல்லை. உள்ளூரில் பிடித்த ஏபிஐடி கூடிப்போனால் அதைத் திருப்பிக் கேட்கலாம். வெளிநாட்டு வரியை அப்படிக் கேட்க முடியாது. எதிர்முனையில் வளைகுடா நாடுகள். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, ஆகவே கழிக்கவும் ஒன்றுமில்லை. இங்கே வதிவாளராகக் கணிக்கப்படுகிறவர் அந்தச் சம்பளத்துக்கு வரவு கேட்க வழியில்லை. அதேபோல வெளிநாட்டில் பிடித்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு, காப்புறுதி போன்றவை வருமான வரி அல்ல. சம்பளச் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் அவற்றை வரவில் சேர்க்காதீர்கள்.

இந்தக் கணக்கில் ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தம்பி சிங்கப்பூர்ப் பணத்தை இலங்கைக்கு அனுப்பவில்லை. அங்கே படிக்கிற தங்கையின் கட்டணத்துக்காக அந்த வங்கியிலேயே விட்டிருந்தார். வெளிநாட்டு நாணயத்தில் உழைத்து, வங்கியூடாக இலங்கைக்கு அனுப்பிய வெளிநாட்டு வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 15 வீதத்தைத் தாண்டாத தனி அட்டவணை உண்டு. இவருடைய பணம் அப்படி வராததால்தான் மேலே சாதாரண அட்டவணையைப் போட்டேன். அதற்கு முன்னர் அப்படி வந்த பணத்துக்கு விலக்கே இருந்தது. ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பணம் எந்த வழியால் வந்தது என்பதைத்தான். கையில் கொண்டுவந்தது, தெரிந்தவர் மூலம் இங்கே மாற்றியது எல்லாம் வங்கியூடாக வந்ததாகாது. அந்தச் சலுகை அதோடு போய்விடும்.

ஆண்டு பிரிகிற இடத்தையும் பாருங்கள். நம் வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது, சிங்கப்பூரின் கணக்கு ஜனவரியில். இவருடைய நான்கு மாதமும் ஒரே ஆண்டுக்குள் விழுந்தது அதிர்ஷ்டம். பெப்ரவரி முதல் மே வரை வேலை செய்திருந்தால் அங்கே ஒரே வரிச் சீட்டு வரும். இங்கே அந்தச் சம்பளத்தையும் வரியையும் இரண்டு ஆண்டுகளுக்கு உரிய பங்கின்படி பிரித்துக் காட்டவேண்டும்.

ஆவணம் என்று அவர் கொண்டுவந்தது வங்கிக் கூற்று மட்டும். 1,250 டொலர் வரவு வந்தது என்பதை அது காட்டும். குறைந்த 1,875 வரிக்குத்தான் போனது என்பதைக் காட்டாது. தங்குமிடத்துக்கு வெட்டியிருக்கலாம், முற்பணத்துக்கு வெட்டியிருக்கலாம் என்று திணைக்களம் கேட்டால் பதில் இல்லை. தேவை அங்குள்ள வரித் திணைக்களம் கொடுத்த வரி மதிப்பீட்டு அறிவித்தல், முதலாளி கொடுத்த ஐ.ஆர்.21 பிரதி, அந்த வரி செலுத்தப்பட்டதற்கான சான்று. விமானம் ஏறுமுன் கேட்டால் ஒரு நாள் வேலை. திரும்பி வந்தபின் என்றால் நிறுவனத்தின் ஆள்வளப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

தம்பி அன்றே என் மேசையிலிருந்து அந்த மின்னஞ்சலை அனுப்பினார். 2025/26க்கான மிச்ச வரியைச் செப்டெம்பர் 30க்குள் கட்டவேண்டும், வருமான வரி விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணைய முறையான ராமிஸ் ஊடாகக் கொடுக்கவேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தில் ஏபிஐடி பிடிப்பார் யாருமில்லாததால், அதற்கு முன்னரே காலாண்டுத் தவணைகளில் கட்டவேண்டிய கடமையும் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை, தவணைகள் தவறிவிட்டன, அதற்கான வட்டியையும் சேர்த்துப் போடவேண்டியிருக்கிறது. அடுத்த தடவை போவதென்றால் போகுமுன் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போன வாரம் மதிப்பீட்டு அறிவித்தலின் பிரதி வந்து சேர்ந்தது. வரி என்ற வரிசையில் 1,875 டொலர் என்றே இருந்தது.